அம்மம்மாவைக் கொலனோஸ்கோபிக்குக் கூட்டிப்போன கதை: வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எண்டொஸ்கோபி அறையில் தாதியாக வேலை செய்கிறேன். வயதானவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் தடுமாற்றம் அந்த அறைக்குள் நடப்பதில்லை. அதற்கு முந்திய ஒரு கிழமையில், வீட்டில் நடந்து முடிந்துவிடுகிறது.

போன வருடம் என் அம்மம்மாவையே கூட்டிப்போக வேண்டி வந்தது. அவவுக்கு 74 வயது. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், படுவான்கரையில் தனி வீடு. சில மாதமாகக் கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7.9. இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தது. அந்த வயதில் மாதவிலக்கு இல்லை, காயம் இல்லை. அப்படியானால் இரத்தம் வயிற்றுக்குள் எங்கேயோ கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு போகும் அளவுக்குக் கசிந்தாலே சில மாதத்தில் உடம்பு இப்படி வெளிறிவிடும். டொக்டர் இரண்டு சோதனை எழுதினார். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது ஒன்று, பின்பக்கத்தால் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி மற்றது. முதலாவதற்கு அம்மம்மா தலையாட்டினா. இரண்டாவதைக் கேட்டதும் கிளினிக் கொப்பியை மடித்து முந்தானைக்குள் வைத்துவிட்டா.

அங்கிருந்து நாங்கள் போன வழியை, போன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஒழுங்கு மாறினால் பின்னால் வரும் படி எதுவும் வேலை செய்யாது.

## 1. முதலில் எந்தப் பயம் என்று கண்டுபிடியுங்கள்

நான் செய்த முதல் பிழையே இங்கேதான். அன்றைக்கு இரவே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். குழாய் எவ்வளவு, நேரம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று அடுக்கினேன். அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கென்னத்துக்கு புள்ள இந்த வயசில? போற காலத்தில பேசாமப் போறன்" என்றா. அதோடு பேச்சு முடிந்தது.

"இந்த வயசில என்னத்துக்கு" என்பது பயத்தின் பெயர் அல்ல. அது கதவைச் சாத்தும் சொல். எங்கள் அறைக்கு வரும் பத்துப் பேரில் அரைவாசிப் பேர் இதையேதான் சொல்வார்கள். பின்னால் இருப்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு நோவு, இன்னொருவருக்கு வெட்கம், இன்னொருவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்துவிடுமே என்ற பயம். எது என்று தெரியாமல் விளக்கம் சொன்னால், அவருக்கு இல்லாத பயத்துக்கு மருந்து கொடுத்தது போலாகும்.

இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி போனேன். சோதனை பற்றிப் பேசவில்லை. திண்ணையில் இருந்து பாக்கு இடித்துக் கொடுத்துக்கொண்டே ஒன்றுமட்டும் கேட்டேன்: "நமக்குத் தெரிஞ்ச ஆருக்கும் இது செய்தவையா அம்மம்மா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். உரலில் இரண்டு வாய் வெற்றிலை இடிபட்டு முடியும்வரை அவ ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

பிறகு அவவுடைய அக்காவின் கதை வந்தது. பெரியம்மம்மாவுக்கும் வயிற்றில் இப்படித்தான் தொடங்கியதாம். சோதிக்க என்று கூட்டிப்போனார்களாம். வயிற்றின் பக்கத்தில் மலம் போக ஒரு பையோடு திரும்பி வந்தாவாம். அந்தப் பையோடு கோயிலுக்குப் போக வெட்கப்பட்டு, கடைசி ஒரு வருடம் படலையைத் தாண்டவே இல்லையாம். "சோதிக்க எண்டுதான் கா கூட்டிப் போனவை" என்று அம்மம்மா இரண்டு தரம் சொன்னா.

அப்போதுதான் விளங்கியது. அவ குழாய்க்குப் பயப்படவில்லை. சோதனைக்கு ஓம் சொன்னால் சத்திரசிகிச்சைக்கும் பைக்கும் சேர்த்து ஓம் சொன்னதாகிவிடும் என்று நினைத்திருக்கிறா. நான் சொன்ன கணக்கு எதுவும் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

## 2. பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள்

இந்த இடத்தில் வீட்டில் ஆராவது ஒருவர் "சும்மா ஒரு ஸ்கேன் எண்டு சொல்லிக் கூட்டிப் போவம்" என்பார். எங்கள் வீட்டில் மாமா சொன்னார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இது பலிக்காது. ஒன்றரை நாள் பட்டினியும் குடலைக் கழுவ நான்கு லீற்றர் மருந்துத் தண்ணியும் உள்ள ஒன்றை ஸ்கேன் என்று எவரிடமும் மறைக்க முடியாது. சம்மதப் படிவத்தில் அவர்தான் கையொப்பம் வைக்க வேண்டும். அதற்கு முன் டொக்டர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்வார். வயதான ஐயா ஒருவர் கட்டிலில் ஏறிய பிறகுதான் குழாயைக் கண்டார். இறங்கி நடந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் எந்தச் சோதனைக்கும் வரவில்லை என்று மகன் பிறகு வந்து சொன்னார்.

நான் அம்மம்மாவுக்கு மூன்று உண்மையைச் சொன்னேன். அவவுடைய பயத்துக்கு நேரே பொருந்தும் மூன்றை மட்டும்தான்.

ஒன்று, இது பார்க்கிற சோதனை. அன்றைக்கு வயிற்றை வெட்டமாட்டார்கள், பை வைக்கமாட்டார்கள். உள்ளே ஏதாவது இருந்தால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். பொலிப் என்கிற சதைவளர்ச்சி இருந்தால், முடியுமானால் அந்தக் குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு எடுப்பார்கள். அதற்கு மேல் ஏதாவது செய்வதென்றால் வேறொரு நாள், வேறொரு பேச்சு, வேறொரு கையொப்பம். அதற்கு அவ மாட்டேன் என்று சொல்லலாம்.

இரண்டு, பெரியம்மம்மா போன நேரத்தில் அவவுக்கு நோய் முற்றி, குடல் அடைபட்டிருந்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்ன விவரத்திலிருந்து தெரிந்தது. வயிறு வீங்கி, மூன்று நாள் வாந்தி எடுத்த பிறகே கூட்டிப்போயிருக்கிறார்கள். குடல் அடைபட்டால்தான் அவசரமாகப் பை வைக்க வேண்டி வருவது அதிகம். முன்கூட்டியே பார்ப்பது அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான்.

மூன்று, ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. குடலில் துளை விழுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம், வயது கூடினால் கொஞ்சம் கூடலாம், அப்படி நடந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு அடித்தது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அவ முதன்முறையாகக் கேள்வி கேட்டா: "குழாய் எவ்வளவு மொத்தம்?" என் சின்னவிரலைக் காட்டினேன். அவ அதைப் பிடித்துப் பார்த்தா.

அடுத்து, நிறுத்தும் அதிகாரத்தை அவ கையில் கொடுத்தேன். மயக்கம் லேசானதுதான், முழு மயக்கம் அல்ல. தாங்கமுடியாவிட்டால் கையைத் தூக்கினால் டொக்டர் நிறுத்துவார். பெரும்பாலும் கொஞ்சம் காற்றை வெளியே எடுத்தாலே நோவு குறையும். அதன் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அவ மூன்று நிபந்தனை போட்டா. செவ்வாய்க்கிழமை கூடாது. உள்ளே நான் நிற்க வேண்டும். முடிந்ததும் வெற்றிலை வேண்டும். கிளினிக்கில் பேசி நாளை வியாழனுக்கு மாற்றினோம். முடிவு அவவுடையதாக இருக்க இப்படிச் சின்ன விடயங்களில் இடம் விடுங்கள். நாள் மாற்றுவதால் ஒரு நட்டமும் இல்லை.

ஒரு வார்த்தை இதற்குள்ளேயே சொல்ல வேண்டும். எல்லா முதியவரையும் இணங்க வைக்கத்தான் வேண்டும் என்றில்லை. படுக்கையில் கிடப்பவர், இதயம் மிகப் பலவீனமானவர், என்ன கண்டுபிடித்தாலும் சிகிச்சை தாங்கமாட்டார் என்ற நிலையில் உள்ளவர், இவர்களுக்கு இந்தத் தயாரிப்பே ஆபத்தாகலாம். அப்போது டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதில் ஏதாவது தெரிந்தால் நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?" அம்மம்மா தானே சமைத்து, தானே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவ. அதனால்தான் நான் விடாமல் பேசினேன்.

## 3. குளிசைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்

திகதி கிடைத்த அன்றே இதைச் செய்யுங்கள். கடைசி நாளில் செய்தால் பிந்திவிடும். பெயர் எழுதிக்கொண்டு போவதைவிட வீட்டில் உள்ள குளிசை அட்டைகளை அப்படியே கொண்டுபோவது நல்லது. எழுதும்போது ஒன்று விடுபட்டுவிடும்.

இரும்புச்சத்துக் குளிசையை 7 நாள் முன்னே நிறுத்தச் சொன்னார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கி, பசைபோலக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். எவ்வளவு மருந்துத் தண்ணி குடித்தாலும் அது எளிதில் கழுவுப்படாது. இரத்தக் குறைவுக்காகத்தான் சோதனை என்பதால் பிள்ளைகள் இதை நிறுத்தப் பயப்படுவார்கள். ஒரு கிழமை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. பிரஷர் குளிசையைச் சோதனையன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொன்னார்கள். சீனிக் குளிசையைச் சாப்பாடு இல்லாத நாளிலும் அன்று காலையும் போட வேண்டாம் என்றார்கள். சாப்பிடாமல் சீனிக் குளிசையோ இன்சுலினோ வழமைபோலப் போட்டால் சீனி விழுந்து மயங்குவார்கள். இதை நான் வார்டில் கண்டிருக்கிறேன். உங்கள் ஆளுக்குரிய கணக்கு வேறாக இருக்கும், குளிசையைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் போட்டுக்கொண்டு வரவும் கூடாது.

## 4. மூன்று நாள் முந்திய சாப்பாடு

தயாரிப்பு என்றால் மருந்துத் தண்ணி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தண்ணி மலத்தைக் கரைத்து வெளியேற்றும். விதையையும் நாரையும் கரைக்காது. அவை குடல் மடிப்புகளில் தங்கி நிற்கும், குழாயின் உறிஞ்சும் துளையிலும் அடைக்கும். அதனால் மூன்று நாள் முன்பே சக்கை இல்லாத சாப்பாட்டுக்கு மாறவேண்டும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இது சொல்வதுபோல இலகு இல்லை. தினமும் சாப்பிடுவதே சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பூ போட்ட பிட்டு, கீரைச் சுண்டல், முருங்கையிலை. நல்ல சாப்பாடுதான், ஆனால் இந்த மூன்று நாளைக்கு ஆகாது. அம்மம்மாவுக்கு வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, முள் எடுத்த மீன் சொதி, அவித்த முட்டை, தோல் நீக்கி அவித்த உருளைக்கிழங்கு, வெள்ளைப் பாண் கொடுத்தோம். சம்பல் இல்லை. கொய்யா, மாதுளை, தக்காளி, கெக்கரி, எள்ளுருண்டை எதுவும் இல்லை.

வெற்றிலைதான் பெரிய சண்டை. அதை ஆரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் கேட்கவும் மறந்துவிடுவார்கள். பாக்குத் தூளும் வெற்றிலை நாரும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடைசி இரண்டு நாள் முழுதாக நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டா. சும்மா "கூடாது" என்று சொல்லியிருந்தால் மடியில் ஒளித்து வைத்திருப்பா.

சோதனைக்கு முதல் நாள், அதாவது புதன்கிழமை, கட்டிச் சாப்பாடே இல்லை. தெளிந்த கஞ்சித் தண்ணி, வடித்த கோழிச் சூப், சீனி போட்ட வெறும் தேத்தண்ணி, இளநீர். சோறு ஒரு பருக்கை இருந்தாலும் வடித்துவிடுங்கள். பால் கூடாது. சிவப்பு, ஊதா நிறக் குளிர்பானம் கூடாது, உள்ளே இரத்தம் போலத் தெரியும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீர் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனி போட்ட தேத்தண்ணியைத் தடுக்காதீர்கள். அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடே அதுதான். நான் மூன்று தரம் விரலில் குத்திச் சீனி பார்த்தேன்.

## 5. எங்கே இருந்து குடிப்பது என்று தீர்மானியுங்கள்

எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத படி இது. ஆனால் எங்கள் ஊர்களில் மிக அவசியம்.

அம்மம்மா வீட்டில் கழிப்பறை பின் வளவில், வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி. குந்தி இருக்கும் வகை. இரவில் பத்துத் தரம் எழுந்து, வெறும் வயிற்றோடு, தலை சுற்றிக்கொண்டு அங்கே ஓடினால் விழுவார்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் சோதனையை விடப் பெரிய வினை. அதோடு காலையில் மண்முனைப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு வரவேண்டும். இரண்டாவது தவணை மருந்தைக் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏற முடியாது. இந்தப் பயத்திலேயே பலர் காலைத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். பிறகு உள்ளே ஒன்றும் தெரியாமல் திருப்பி அனுப்பப்படுவார்கள்.

அதனால் புதன்கிழமை காலையே கல்லடியில் உள்ள சின்னம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அங்கே வீட்டுக்குள் கழிப்பறை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் சொற்ப நேரம்.

அப்படி ஒரு வீடு இல்லாவிட்டால் கட்டில் பக்கத்தில் கதிரைக் கொமோட் வையுங்கள். நடுவில் வெட்டிய பழைய பிளாஸ்டிக் கதிரையும் அதன் கீழ் ஒரு வாளியும் போதும், கதிரை அசையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாளி வெள்ளையாக இருக்கட்டும். நிறம் பார்க்க வேண்டி வரும். லைற் போட்டு வையுங்கள். சேலை வேண்டாம், அவிழ்க்க நேரம் இராது, தளர்ந்த நைட்டி போதும். முதல் தரம் போகுமுன்னே பின்பக்கம் வஸ்லின் அல்லது தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள். புண்ணான பிறகு பூசினால் எரியும். கழுவுவதற்குத் தண்ணீரை மெல்ல ஊற்றி, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

## 6. மருந்துத் தண்ணி: இரண்டு தவணை, தெளியும்வரை

எங்களுக்குத் தந்தது பொலிஎதிலீன் கிளைக்கோல் பவுடர், நான்கு பக்கெற். ஒன்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். வேறு வகையும் தருவார்கள், அளவு மாறும், தந்த தாளில் உள்ளதே உங்கள் அளவு. கடையில் கேட்டு வேறொன்றை வாங்கிக் கொடுக்காதீர்கள். பொஸ்பேற் உப்புச் சேர்ந்த சில மருந்துகள் வயதானவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

தண்ணீரைக் குறைத்துக் கரைக்க வேண்டாம். அந்தப் பவுடரில் உப்புகள் உடம்பின் அளவுக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சரியான தண்ணீரில் கரைத்தால்தான் அது உடம்புக்குள் உறிஞ்சப்படாமலும், உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்காமலும் குடலைக் கழுவிக்கொண்டு போகும். சீனி போட்டாலும் அந்தச் சமநிலை குழம்பும். குளிர வைத்துக் கொடுக்கலாம், உப்புக் கரிப்பு நாக்கில் குறையும். இடையிடையே தேசிக்காய்த் துண்டை நக்கலாம்.

சோதனை காலை 10.30க்கு. புதன் மாலை 5 மணிக்கு முதல் இரண்டு லீற்றரைத் தொடங்கினோம். வியாழன் அதிகாலை 4 மணிக்கு அடுத்த இரண்டு லீற்றர். கால் லீற்றர்க் கிளாஸில், 15 நிமிடத்துக்கு ஒன்று. அதிகாலை எழும்ப வேண்டுமே என்று இரண்டையும் இரவிலேயே குடித்து முடிப்பது மிகப் பொதுவான பிழை. இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் அது பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்து நிற்கும். அம்மம்மாவைப் போலக் காணாமல் இரத்தம் கசிகிறவர்களுக்குப் பல வேளை கோளாறு இருப்பது அந்த வலப்பக்கத்தில்தான். காலைத் தவணை கழுவுவது அந்த இடத்தையே. ஆனால் மயக்க ஊசிக்கு ஆகக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னே எல்லாக் குடிப்பும் முடிந்துவிட வேண்டும். உங்கள் வைத்தியசாலை அதைவிடக் கூட நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நாலாவது கிளாஸில் அம்மம்மா கிளாஸைத் தள்ளிவிட்டா. "ஓங்காளிக்குது புள்ள." அரை மணித்தியாலம் விட்டோம். நடக்க வைத்தேன். பிறகு கிளாஸை 20 நிமிடத்துக்கு ஒன்றாக்கினேன். வாந்தி எடுத்தாலும் இப்படித்தான், நிறுத்தி, ஆற விட்டு, மெதுவாகத் தொடருங்கள். விடாமல் வாந்தி, கடுமையான வயிற்றுநோவு, வயிறு ஊதி ஒன்றும் போகாமல் இருப்பது, மயக்கம், இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் தரம் வெளிக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இரவு ஒன்பது மணிக்குள் தண்ணீராகப் போனது. சின்னம்மா, "தண்ணியாப் போகுது, இனிக் காணும்" என்றா. காணாது. கபில நிறத் தண்ணீர் என்றால் உள்ளே இன்னும் சுவர் மூடித்தான் இருக்கிறது. பிறகு கலங்கிய மஞ்சள், கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள். வாளியின் அடி தெரிய வேண்டும். அம்மம்மாவுக்கு அது வியாழன் காலை ஆறரை மணிக்குத்தான் வந்தது. தெளியாமல் இருந்தால் மறைக்காமல் அறையில் உள்ள தாதியிடம் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று அப்போதே பார்க்கலாம்.

## 7. அறைக்குள்

இந்தப் பகுதியை முதல் நாளே சொல்லி வையுங்கள். அங்கே நடப்பது ஒவ்வொன்றும் அவர்கள் ஏற்கெனவே கேட்டதாக இருக்க வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி முதலில். பின்பக்கம் திறப்புள்ள காற்சட்டை தருவார்கள், மேலே துணி போர்த்திவிடுவோம். பெண் டொக்டர் கிடைப்பார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பெண் தாதி நிற்கச் சொல்லிக் கேட்கலாம். குடும்பத்தவரை உள்ளே விடுவதில்லை என்பது வழமை. நான் அங்கே வேலை செய்கிறவள் என்பதால் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டு நின்றேன்.

இடப்பக்கம் சரிந்து, முழங்காலை வயிற்றோடு மடித்துப் படுக்க வேண்டும். கையில் ஊசி போடுவார்கள், தூக்கம் வருவது போலிருக்கும். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒட்சிசன். குடல் சுருங்கி இருப்பதால் விரித்துப் பார்க்கக் காற்று விடுவார்கள். நோவது அந்த விரிவுதான். குடலின் உட்தோல் வெட்டை உணராது. துணுக்கு எடுக்கும்போது நோகாது என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

காற்று விடுவதால் காற்று வெளியே போகும். டொக்டர் முன்னால் அப்படிப் போவதா என்று வயதானவர்கள் அடக்கிக்கொண்டு கிடப்பார்கள், நோவு இரண்டு மடங்காகும். அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது முகத்தை மூடிக்கொண்டா. "அங்க அது போகத்தான் வேணும் அம்மம்மா. போகாட்டித்தான் நாங்க யோசிப்பம்" என்றேன். அன்றைக்கு அவ அடக்கவில்லை.

இடையில் குழாய் வளைந்து மடிந்தால் ஒரு தாதி வயிற்றை அழுத்துவார், அல்லது நிமிர்ந்து படுக்கச் சொல்வார்கள். ஏதோ பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். உண்மையான பார்வை குழாயை வெளியே இழுத்துவரும்போதுதான் நடக்கிறது. ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் இழுத்துவர ஆறு நிமிடமாவது எடுக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

அம்மம்மாவுக்கு வலப்பக்கத்தில், ஏறுகுடலில், ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றரில் காம்புள்ள ஒரு பொலிப். நுனி புண்ணாகி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதிகாலை குடித்த இரண்டு லீற்றர் கழுவிய இடம் அது. வளையம் போட்டு எடுத்து, காம்பில் ஒரு சின்ன உலோகக் கிளிப் மாட்டினார்கள். அவ கையைத் தூக்கவில்லை. என் சின்னவிரலைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தா.

## 8. வீட்டுக்குப் போன பிறகு

மயக்கம் தெளிந்ததும் டொக்டர் சொல்வது முதியவருக்கு நினைவில் நிற்காது. கூடப் போனவர் கேட்டு எழுத வேண்டும். அன்று முழுவதும் தனியே விடக்கூடாது, முக்கியமான பத்திரம் எதிலும் கையொப்பம் வாங்கக் கூடாது.

பொலிப் எடுத்த இடம் உடனே மட்டுமல்ல, இரண்டு கிழமை வரையும் இரத்தம் கசியலாம். அம்மம்மாவைச் சின்னம்மா வீட்டிலேயே இன்னும் மூன்று நாள் வைத்திருந்தோம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் குடம் தூக்குவதையும் இரண்டு கிழமை நிறுத்தினோம். லேசான ஊதலும் ஒன்றிரண்டு சொட்டு இரத்தமும் பரவாயில்லை. வயிறு கல்லுப்போல இறுகி நோவு கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், கட்டி கட்டியாக இரத்தம் போனால், இரும்புக் குளிசை தொடங்காத நிலையில் தார்போலக் கறுப்பாகப் போனால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சோதனை, எந்தத் திகதி என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள், அவசர பிரிவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எடுத்த பொலிப்பின் முடிவு வரச் சில கிழமை ஆனது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக்கூடிய வகை. மூன்று வருடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதினார். இரும்புக் குளிசையைத் திரும்பத் தொடங்கினோம். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது.

முடிவைச் சொன்ன அன்று அம்மம்மா கொப்பியை வாங்கி, எழுதியிருந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தா.

"அண்டைக்கு என்ன கிழமை வருது, பாத்துச் சொல்லு புள்ள."

கைபேசியில் பார்த்தேன். செவ்வாய்.

"மாத்தச் சொல்லு" என்றுவிட்டுப் பாக்குவெட்டியைத் தேடினா.